கார், பஸ், சைக்கிள், நடை: வண்டிக் கணக்கும் ஆள் கணக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1. ஒரு பஸ் விடுற புகையைப் பார்த்தா பத்து கார் விடுற மாதிரி இருக்கு. அது எப்படி காரைவிட சுத்தம்னு சொல்றீங்க?

பஸ், கார் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வருவது இதுதான், அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பஸ் ஒரு காரைவிட அதிகம் எரிக்கிறது என்பது உண்மைதான். நகரத்துக்குள் நின்று நின்று போகும் டீசல் பஸ் லிட்டருக்குச் சுமார் 3 கி.மீ. தரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், ஆக கிலோமீட்டருக்கு 900 கிராம். நகர நெரிசலில் லிட்டருக்கு 14 கி.மீ. தரும் பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டால், பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2.3 கிலோ என்ற கணக்கில் கிலோமீட்டருக்கு 165 கிராம் வரும். வண்டிக்கு வண்டி வைத்துப் பார்த்தால் பஸ் ஐந்தரை மடங்கு மோசம்.

ஆனால் போக வேண்டியது ஆள், வண்டி இல்லை. பல நாடுகளில் ஒரு காரில் சராசரியாக ஒன்றரை ஆள்தான் போகிறார், வேலைக்குப் போகும் நேரத்தில் அதுகூட இல்லை. ஆக காரில் ஒரு ஆளுக்கு 110 கிராம். பஸ்ஸில் 45 பேர் இருந்தால் ஆளுக்கு 20 கிராம். பஸ்ஸும் காரும் சமமாகும் இடம் எது என்று பார்த்தால், 900-ஐ 110-ஆல் வகுத்தால் எட்டுச் சொச்சம். அதாவது பஸ்ஸில் எட்டு, ஒன்பது பேர் இருந்தாலே கார் சராசரிக்குச் சமம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொருவரும் லாபம். இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

கண்ணில் படும் கரும்புகை வேறு சமாசாரம். அது கரித்துகள். கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, அதனால் புகையின் நிறத்தைப் பார்த்து அதை அளக்கவே முடியாது. கரித்துகள் அந்தத் தெருவில் மூச்சு விடுகிறவர்களுக்கு நிஜமான கேடு, பராமரிக்காத பழைய டீசல் பஸ்ஸுக்கு அந்தப் பழி சேரத்தான் வேண்டும். துகள் வடிகட்டி வைத்த புதிய பஸ்ஸிலும் மின்சார பஸ்ஸிலும் இந்தக் கரும்புகை இருக்காது.

2. மத்தியானம் பார்த்தா பஸ் காலியாத்தானே ஓடுது? அப்போ உங்க கணக்கு இடிக்குதே?

இடிக்கும். மேலே சொன்ன எட்டுக்குக் கீழே சராசரி இறங்கினால், அந்த வழித்தடத்தில் பஸ் காரைவிட மோசம்தான், இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. காலையில் ஊருக்குள் நிரம்பி வரும் பஸ் திரும்பும்போது பாதி காலியாகப் போகும், அதையும் சேர்த்துத்தான் சராசரி எடுக்க வேண்டும். "எங்கள் பஸ்ஸில் 60 பேர்" என்று உச்ச நேரத்தை மட்டும் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, ஓடுவது என்று முடிவான பஸ்ஸில் நீங்கள் ஒருவர் கூடுதலாக ஏறினால் கூடும் புகை அநேகமாகப் பூஜ்யம், கார் எடுத்தால் முழு 165 கிராமும் உங்கள் கணக்கு. இரண்டு, இரவு பத்து மணிக்குத் திரும்ப பஸ் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் காலையில் பஸ்ஸில் கிளம்புகிறார். அந்தக் காலி இரவு பஸ்ஸை நிறுத்தினால் காலை பஸ்ஸிலும் ஆள் குறைவார்கள், வழித்தடக் கணக்குப் போடும்போது பலர் தவறவிடுவது இதைத்தான்.

3. அப்போ நாலு பேர் சேர்ந்து ஒரே கார்ல போனா சரியாப் போச்சே?

சரிதான். 165-ஐ நாலால் வகுத்தால் ஆளுக்கு 41 கிராம், சுமாராக நிரம்பிய பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சாலை இடமும் மிச்சம். சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. நாலு பேருக்கும் ஒரே இடம், ஒரே நேரம் அமைய வேண்டும், ஒருவர் தாமதித்தால் நாலு பேரும் தாமதம். அதனால்தான் இத்தனை காலம் எல்லோரும் நல்ல யோசனை என்று சொல்லியும் சராசரி ஒன்றரையிலேயே நிற்கிறது.

4. மோட்டார் பைக் எந்தக் கணக்குல வரும்? அது கார் அளவுக்கு எடுக்கறதில்லையே.

கரியமில வாயுவில் பைக்குக்கு நல்ல பெயர்தான். லிட்டருக்கு 50 கி.மீ. தரும் சின்ன பைக் என்றால் கிலோமீட்டருக்கு 46 கிராம், ஒரு ஆள் போனாலும் காரில் பாதிகூட இல்லை. ஏறத்தாழ 20 பேர் உள்ள பஸ்ஸுக்குச் சமம். சாலையிலும் நிறுத்துமிடத்திலும் காரைவிட மிகக் குறைவான இடம்.

மற்ற இரண்டு கணக்கில்தான் அடி வாங்குகிறது. ஓட்டுகிறவரைச் சுற்றி இரும்புக்கூடு இல்லை, ஆனால் வேகம் காருடையது, அதனால் அதே தூரத்துக்கு உயிரிழக்கும் வாய்ப்பு காரில் இருப்பவரைவிடப் பல மடங்கு. சைக்கிளைப் போல உடம்புக்கு அசைவும் கிடையாது. காரிலிருந்து பைக்குக்கு மாறுவது புகைக்கு நல்லது, பஸ்ஸிலிருந்து பைக்குக்கு மாறுவது உயிருக்கு நல்லதல்ல என்பது என் கருத்து.

5. எலக்ட்ரிக் கார் வந்துட்டா இந்தப் பேச்சே முடிஞ்சுடும் இல்லையா?

மூன்றில் ஒரு பங்கு முடியும். மின்சாரக் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 0.16 யூனிட் எடுக்கும். பெரும்பகுதி நிலக்கரியில் ஓடும் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 700 கிராம் என்றால் கிலோமீட்டருக்கு 110 கிராம் வருகிறது, பெட்ரோல் காரைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. காற்றாலை, நீர்மின், சூரிய மின்சாரம் கூடக் கூட இது இறங்கும். பேட்டரி செய்யும்போது கூடுதலாக வரும் புகையை ஓட்ட ஓட்ட ஈடுகட்டிவிடும். வால்குழாய் இல்லாததால் தெருவில் நைட்ரஜன் ஆக்சைடும் இல்லை, அது நிஜமான லாபம்.

ஆனால் டயர் தேய்ந்து வரும் தூசு அப்படியே இருக்கிறது, பேட்டரி எடையால் கொஞ்சம் கூடக்கூட செய்யலாம். சாலையில் அடைக்கும் இடம் ஒரு அங்குலம்கூடக் குறையாது. நடந்து போகிறவர் மேல் மோதினால் மோட்டார் எதில் ஓடியது என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை. புகையில்லாத நெரிசலும் நெரிசல்தான்.

6. கடை ரெண்டு கிலோமீட்டர்தான். அவ்வளவு குட்டி தூரத்துக்குப் பெருசா என்ன புகை வந்துடப் போகுது?

உண்மையில் கிலோமீட்டருக்கு அதிகமான நச்சு வருவது இந்தக் குட்டிப் பயணத்தில்தான். பெட்ரோல் காரின் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் தணிப்பது அதன் வேலை. ஆனால் அது ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடானால்தான் வேலை செய்யத் தொடங்கும். வண்டி எடுத்த முதல் ஓரிரு நிமிடங்கள் அது சும்மா கூடவே வருகிறது. அதே நேரத்தில் குளிர்ந்த எஞ்சின் சீராக ஓடுவதற்காக வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலையும் உள்ளே விடுகிறது.

ஆக 20 கி.மீ. பயணத்தில் முதல் கிலோமீட்டர்தான் அழுக்கு, 2 கி.மீ. பயணத்தில் பாதிப் பயணமே அழுக்கு. கடையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினால் ஆறிப்போன பாகம் மறுபடி சூடாக வேண்டும். 2 கி.மீ. என்பது நிதானமான சைக்கிளில் எட்டு நிமிடம், நடந்தால் 25 நிமிடம். எல்லாப் பயணத்தையும் மாற்ற முடியாது, ஒன்றை மட்டும் மாற்றுவது என்றால் நான் இந்தக் குட்டிப் பயணத்தைத்தான் முதலில் மாற்றுவேன்.

7. சைக்கிள் ஓட்டினா பசிக்கும், கூட சாப்பிடணும். அந்தச் சாப்பாட்டுலயும் கார்பன் இருக்கே, அதை யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?

கிண்டலுக்குக் கேட்கிறார்கள், ஆனால் நியாயமான கேள்விதான். சைக்கிளில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கலோரி செலவாகும். அதைத் தானியத்தில் ஈடுகட்டினால் கிலோமீட்டருக்கு 10 முதல் 25 கிராம், நன்றாக நிரம்பிய பஸ் அளவு. முழுக்க மாட்டிறைச்சியில் மட்டுமே ஈடுகட்டினால் காரைத் தாண்டிவிடும், கணக்கு உண்மையாகவே அப்படி வரும். ஆனால் சைக்கிளுக்காக யாரும் அப்படித் தனி உணவு தின்பதில்லை, செலவான கலோரி முழுவதையும் திரும்பச் சாப்பிடுவதும் இல்லை. அப்புறம், காரில் போகிறவர் சாயங்காலம் உடம்பு இளைக்க ஓடினால் அந்தக் கலோரியும் எங்கிருந்தோதானே வருகிறது.

8. ரோட்டுல இடம் இடம்னு பேசறீங்க. ஒரு தடத்துல உண்மையில எத்தனை பேர் போக முடியும்?

இதைப் படிப்படியாகப் பார்க்கலாம், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கணக்கு இது. சிக்னல் இருக்கும் சாலையில் மூன்று, மூன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு தடம். பச்சை விழுந்ததும் நிறுத்தக் கோட்டைத் தாண்ட ஒரு காருக்குச் சுமார் இரண்டு வினாடி. ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் நமக்குப் பச்சை, மீதி குறுக்குச் சாலைக்கு. ஆக 1,800 வினாடி, 900 கார். காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 1,350 பேர். இது எல்லாம் சரியாக நடந்தால் வரும் எண். யாராவது ஒருவர் ஓரமாக நிறுத்தினாலே 1,000-க்கு வந்துவிடும்.

அதே தடத்தை பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி நிமிடத்துக்கு ஒரு பஸ், 50 பேர் வீதம் விட்டால் 3,000 பேர். அரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 6,000. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோ வெளியிட்ட ஒப்பீட்டில், பத்து அடித் தடம் ஒன்றுக்கு மணிக்கு இவ்வளவு பேர் என்று போட்டிருக்கிறது: கலந்த போக்குவரத்துத் தடத்தில் 600 முதல் 1,600, தனி பஸ் தடத்தில் 4,000 முதல் 8,000, பாதுகாப்பான சைக்கிள் பாதையில் 7,500, நடைபாதையில் 9,000. பட்டியலின் அடியில் கார் இருப்பதற்குக் காரணம் ஓட்டுகிறவர்களின் ஒழுங்கீனம் இல்லை. ஒன்றரை ஆளைக் கொண்டுபோக நாலு மீட்டர் நீளப் பெட்டியும், அதற்கு முன்னும் பின்னும் பிரேக் பிடிக்க இடைவெளியும் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இது ஓடும்போது மட்டும். நிற்கும்போது ஒரு காருக்கு 12 சதுர மீட்டர், உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25-க்குக் குறையாது. வேலைக்கு வந்த கார் எட்டு மணி நேரம் அந்த இடத்தில் சும்மா நிற்கும். அதே 12 சதுர மீட்டரில் பத்து சைக்கிள் நிறுத்தலாம். பஸ் உங்களை இறக்கிவிட்டு அடுத்த ஆளை ஏற்றப் போய்விடுகிறது.

9. எங்க ஊர்ல பஸ் தடம் போட்டாங்க, எப்பவும் காலியாத்தான் கிடக்குது. பக்கத்துல நாங்க நகர முடியாம நிக்கறோம். இது என்ன நியாயம்?

கடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் காலியாகத் தெரிவதே அது வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம். நிமிடத்துக்கு ஒரு பஸ் போகும் தடத்தில், ஒரு இடத்தில் நின்று பார்த்தால் பஸ் உங்களைக் கடப்பது மூன்று, நாலு வினாடி. மீதி 55 வினாடிக்கு மேல் வெறும் தார்தான் தெரியும். அந்த வெறுந்தாரில் மணிக்கு 3,000 பேர் போகிறார்கள். பக்கத்தில் நெருக்கி நிற்கும் கார்த் தடத்தில் 1,350 பேர்கூட இல்லை. நிரம்பிய தடம் அதிகம் சுமக்கிறது என்று கண் சொல்லும், அதை நம்ப வேண்டாம்.

ஆனால் எல்லாக் காலித் தடமும் இப்படி அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், அதுவும் பாதி நிரம்பி வருகிறது என்றால் மணிக்கு 150 பேர், அதற்கு ஒரு முழுத் தடம் கொடுத்தது வீண். அங்கே தவறு தடத்தில் இல்லை, பஸ் போதாததில். பஸ்ஸை அதிகப்படுத்த வேண்டும், இல்லை என்றால் நெரிசல் உண்டாகும் சிக்னலுக்கு முன்னால் நூறு மீட்டர் மட்டும் தடம் ஒதுக்கிவிட்டு மீதியைத் திறந்துவிடலாம்.

10. பஸ்ஸுக்குக் காத்திருந்தா வரவே வராது, வந்தா ரெண்டு மூணு சேர்ந்து வரும். இதை வெச்சு எப்படி ஆபீஸ் போறது?

டிரைவர்கள் பேசி வைத்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள், காரணம் வேறு. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பஸ் கிளம்புகின்றன. முன்னால் போவது ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் சிக்கியது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆள் சேர்ந்துவிட்டார்கள். முன்வாசலில் ஏறிச் சீட்டு வாங்க ஒரு ஆளுக்கு மூன்று வினாடி என்றால் 20 பேருக்கு ஒரு நிமிடம். ஆக இன்னும் தாமதம், அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருவதற்கோ நிறுத்தத்தில் ஆளே இல்லை, விரைவாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. முன்னது பிதுங்கும், பின்னது காற்று வாங்கும்.

இதில் நம் நேரம் எவ்வளவு போகிறது பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே எண்ணிக்கை பஸ், 20 நிமிடத்துக்கு இரண்டாகச் சேர்ந்து வந்தால் பத்து நிமிடம். ஒரு பஸ்கூடக் குறைக்காமல் காத்திருப்பு இரட்டிப்பானது. அதனால்தான் புது பஸ் வாங்குவதற்கு முன்னால் தனித் தடம், ஏறுமுன்பே சீட்டு, எல்லா வாசலிலும் ஏறலாம் என்ற மூன்றையும் செய்யச் சொல்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000-இல் திறந்த டிரான்ஸ்மிலேனியோவில் இந்த மூன்றும் உண்டு, நிற்கும் பஸ்ஸைப் பின்னால் வருவது தாண்டிப் போக நிலையங்களில் கூடுதல் தடமும் உண்டு. அதன் நெரிசலான பகுதியில் மணிக்கு ஒரு திசையில் 35,000 பேருக்கு மேல் போகிறார்கள். உள்ளே நெருக்கடி தாங்க முடியவில்லை என்ற புகாரும் அங்கே நிறைய, அதையும் சொல்லிவிடுகிறேன்.

11. ரோட்டை அகலப்படுத்தினா எல்லாருக்கும் இடம் கிடைக்குமே, ஏன் சண்டை?

கிடைக்கும், கொஞ்ச காலத்துக்கு. சாலை சுலபமானதும், இதுவரை நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்தில் போனவர், பஸ்ஸில் போனவர், அந்தப் பக்கமே போகாதவர் எல்லோரும் வருவார்கள். சில ஆண்டுகளில் தொலைவில் வீடு கட்டிக்கொண்டும் வருவார்கள். டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுஞ்சாலைத் தடம் எத்தனை சதவீதம் கூடியதோ ஏறத்தாழ அதே சதவீதம் வண்டி ஓடும் தூரமும் கூடியது என்று கண்டார்கள். ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் விரிவாக்கி முடித்தார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீளத் தொடங்கிவிட்டது.

திருப்பிப் போட்டாலும் பொருந்துகிறது. சியோலில் சோங்கேசோன் ஓடையை மூடிக்கொண்டிருந்த மேம்பாலச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பிக்கும் என்றார்கள், ஸ்தம்பிக்கவில்லை. ஆனால் நடுவில் 2004-இல் பஸ் வழித்தடங்களை மாற்றியமைத்து, சாலை நடுவில் பஸ் தடமும் போட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இடித்ததை மட்டும் வேறு ஊரில் செய்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

12. சரி, அதே லாஜிக்படி பத்து பேர் காரை விட்டு பஸ்ஸுக்குப் போனா, காலியான இடத்துக்கு வேற பத்து கார் வந்துடாதா?

வந்துவிடும், கெட்டிக்காரத்தனமான கேள்வி. 11-இல் சொன்ன அதே விதிதான், காலியான இடம் எப்படிக் காலியானது என்று அது பார்ப்பதில்லை. பஸ்ஸைக் கூட்டினால் மட்டும் நெரிசல் குறையும் என்று வாக்குக் கொடுக்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

ஸ்டாக்ஹோமில் இது வரிசையாகவே நடந்தது. 2005 ஆகஸ்டில் கூடுதல் பஸ் விட்டார்கள், கார் போக்குவரத்து சொல்லும்படி குறையவில்லை. 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்குச் சோதனையாகக் கட்டணம் போட்டார்கள், எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. ஜூலை முடிவில் கட்டணத்தை நிறுத்தியதும் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கினார்கள், மறுபடி குறைந்தது. ஆக பஸ் மாற்று வழியைத் தருகிறது, காலியான இடத்தைப் பூட்டி வைக்க கட்டணமோ, அந்த இடத்தை பஸ் தடமாக, சைக்கிள் பாதையாக மாற்றுவதோ வேண்டும். பூட்டாவிட்டாலும் பஸ் வீண் அல்ல, அதே நெரிசலில் அதிகம் பேர் போய்ச் சேர்கிறார்கள். புகை மட்டும் நினைத்த அளவு குறையாது.

13. இந்தக் காத்துல சைக்கிள் ஓட்டினா நுரையீரல் கெட்டுடாதா? காருக்குள்ள ஏசில இருக்கறதே மேல் இல்லையா?

காருக்குள் காற்று நீங்கள் நினைக்கும் அளவு சுத்தமில்லை, முன்னால் நிற்கும் வண்டியின் புகைக்கு நேர் எதிரேதான் உங்கள் காற்றுத் துளை இருக்கிறது. ஆனால் சைக்கிள்காரர் இரண்டு மூன்று மடங்கு அதிகம் மூச்சு வாங்குகிறார் என்பதும் உண்மை. இரண்டையும் உடற்பயிற்சியின் லாபத்தோடு சேர்த்து எடைபோட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. நுண்துகள் அளவு (பி.எம். 2.5) கன மீட்டருக்கு 22 மைக்ரோகிராம் இருக்கும் நகரத்தில் எவ்வளவு ஓட்டினாலும் லாபமே மிஞ்சுகிறது. 100 மைக்ரோகிராம் உள்ள இடத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் கேடு லாபத்தை முந்துகிறது. நடைக்கு அந்த எல்லை பத்து மணி நேரத்துக்கும் மேல்.

அரை மணி நேர சைக்கிள் பயணத்துக்கு இது தடையாகும் நாட்கள் குறைவு. ஆனால் இது சராசரி ஆளுக்கான கணக்கு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புகைமூட்டம் 150, 200 என்று ஏறும் நாட்களில் யாராக இருந்தாலும் பஸ்ஸில் போவது நல்லது. முடிந்தால் பெரிய சாலைக்கு ஒரு தெரு தள்ளி ஓட்டுங்கள், வண்டிப்புகை விளிம்பிலிருந்து விலக விலக வேகமாக நீர்த்துப்போகும்.

14. பஸ்ல போறவனும் உட்கார்ந்துதானே போறான், அதுல உடம்புக்கு என்ன லாபம்?

பஸ்ஸுக்குள் ஒன்றுமில்லை, நிறுத்தத்துக்குப் போவதில் இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பொதுப் போக்குவரத்தில் போவதால் நாளுக்கு 8 முதல் 33 நிமிடம் கூடுதல் நடை கிடைக்கிறது. வாரத்துக்கு 168 நிமிட நடைக்கு உயிரிழப்பு வாய்ப்பு சுமார் 11 சதவீதமும், 100 நிமிட சைக்கிளுக்கு சுமார் 10 சதவீதமும் குறைகிறது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புக் கருவி கணக்கிடுகிறது. நிறுத்தம் வாசலிலேயே இருந்தால் இந்த லாபமும் இல்லை.

15. சைக்கிள்ல போனா எவனாவது இடிச்சுட்டுப் போயிடுவான். உயிரோட இருந்தாத்தானே பி.பி. குறையும்?

பயம் நியாயமானது, இதற்குத் தைரியம் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. உலகில் ஆண்டுக்கு சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள், அதில் ஏறத்தாழ நாலில் ஒருவர் நடந்து போனவர். ஆபத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வண்டியின் வேகம். ஒரு குழந்தை 15 மீட்டர் தூரத்தில் குறுக்கே வருகிறது என்று வையுங்கள். ஓட்டுநருக்கு உறைக்க ஒரு வினாடி. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியில் 8 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டர், ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியிலேயே 14 மீட்டர் போய்விடும், அதாவது பிரேக்கில் கால் வைக்கும்போதே குழந்தை ஒரு மீட்டர் தூரத்தில். கிட்டத்தட்ட முழு வேகத்தில் இடி.

அதனால் குடியிருப்புத் தெருவில் 30, அதற்கு மேல் வேகம் உள்ள சாலையில் தடுப்பு வைத்த தனிப்பாதை, இரண்டும் இல்லாத சாலையில் சைக்கிள் ஓட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். வெறும் பெயிண்ட் கோடு பாதை ஆகாது. நெதர்லாந்தில் 1971-இல் சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் இன்று படத்தில் பார்க்கும் பாதைகள் வந்தன. இன்னொன்று, சைக்கிள்கள் இரட்டிப்பானால் விபத்துகள் இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றன என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஓட்டுநர்கள் எதிர்பார்க்கப் பழகிவிடுகிறார்கள் என்பது ஒரு விளக்கம்.

16. வயசானவங்க, நடக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க? எல்லாரும் சைக்கிள் ஏற முடியுமா?

முடியாது, ஏறவும் வேண்டாம். கார் இல்லாமல் முடியாதவர்களுக்கு இப்போது எதிரி யார் என்றால், இல்லாமலும் முடிகிற மற்ற கார்கள்தான், சாலையையும் மருத்துவமனை வாசல் பார்க்கிங்கையும் அடைப்பது அவைதான். அதேபோல, கார் ஓட்ட முடியாத முதியவர்கள், குழந்தைகள், பார்வையற்றோர் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குத் தாழ்தள பஸ்ஸும், உடையாத, வண்டி ஏறி நிற்காத நடைபாதையும்தான் போக்குவரத்து.

17. எங்க ரோட்டுல பஸ் தடமோ சைக்கிள் பாதையோ போட்டா, அது வேலை செய்யுதான்னு நாங்களே எப்படித் தெரிஞ்சுக்கறது?

எண்ணிப் பாருங்கள், கஷ்டமே இல்லை. இரண்டு பேர், ஒரு நோட்டு, காலை உச்ச நேரத்தில் 15 நிமிடம். சாலையில் ஒரு கோட்டை மனதில் வைத்து, அதைக் கடக்கும் ஆட்களை எண்ண வேண்டும், வண்டிகளை அல்ல. காரில் தலை எண்ணலாம். பஸ்ஸில் காலி, உட்கார இடம் உண்டு, இருக்கை நிரம்பியது, நிற்கிறார்கள், பிதுங்குகிறது என்று ஐந்து நிலை குறித்துக்கொண்டு, 5, 20, 40, 55, 70 என்று போட்டால் போதும், ஓரளவு சரியாக வரும். நாலால் பெருக்கினால் மணிக் கணக்கு.

தடம் போடும் முன் ஒரு தடவை, போட்டு ஆறு மாதம் கழித்து ஒரு தடவை, இரண்டும் ஒரே கிழமையாக, பள்ளி நடக்கும் நாளாக, மழையில்லாத நாளாக இருக்கட்டும். முதல் மாதத்தில் எண்ணாதீர்கள், ஆட்கள் பழக்கம் மாற நேரமெடுக்கும், எதிர்ப்பவர்கள் கையில் கிடைப்பது அந்த முதல் மாத எண்தான். பக்கத்துத் தெருவிலும் ஒருவரை நிறுத்துங்கள், கார்கள் உண்மையில் குறைந்தனவா, அங்கே போய் ஒளிந்தனவா என்பது அப்போதுதான் தெரியும். கூடவே பஸ் அந்தத் துண்டைக் கடக்க எத்தனை நிமிடம் எடுக்கிறது என்பதையும் குறியுங்கள். ஆள் எண்ணிக்கை மாறாமல் பஸ் நேரம் மட்டும் குறைந்திருந்தால் தடம் சரியாக இருக்கிறது, பஸ் இன்னும் வேண்டும். பஸ் நேரமே குறையவில்லை என்றால் தடத்தில் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள், போய்ப் பாருங்கள்.